மூணு இடியாப்பமும் ஒரு டம்ளரும்

கேள்வி: என் மாமனாருக்கு வயது 68, எட்டு வருடமாக சர்க்கரை, மாத்திரை சாப்பிடுகிறார். மாவுச்சத்தைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். ஞாயிறு இரவு எங்கள் வீட்டில் இடியாப்பம். அஞ்சு பேருக்கு ஒரு தேங்காயில் பால் எடுத்து, அரை கப் சர்க்கரை போட்டுக் கலக்கி வைத்துவிடுவேன். மாமாவுக்கு மூணு இடியாப்பம்தான், நாலாவது கேட்டால் 'மூணு ஆச்சு மாமா' என்று சொல்லிவிடுவேன். பசி அடங்கவில்லை என்றால் பாத்திரத்தில் மீந்த பாலை டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். ஆனாலும் திங்கள் காலை சர்க்கரை ஏறித்தான் இருக்கிறது. மூணை ரெண்டாக்கட்டுமா? ஆப்பில் தேங்காய்ப்பால் என்று போட்டால் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு எண் வருகிறது, எதை எடுத்துக்கொள்வது?
— பெயர் வேண்டாம், தென்காசி

பதில்: ரெண்டாக்க வேண்டாம். அந்த டம்ளரைப் பற்றிப் பேசலாம். போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டீர்கள், நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

இடியாப்பத்தை எண்ணுகிறீர்கள், ஏனென்றால் அது தட்டில் ஒன்று, ரெண்டு என்று கண்ணுக்குத் தெரிகிறது. பால் தெரிவதில்லை. ஊற்றியதும் இடியாப்பம் உறிஞ்சிக்கொள்கிறது, மீந்தது டம்ளருக்குப் போகிறது, 'பால்தானே' என்று எல்லோரும் விட்டுவிடுகிறீர்கள். அது பசும்பால் மாதிரி இல்லை அம்மா. தேங்காயின் கொழுப்பும், நீங்கள் போட்ட அரை கப் சர்க்கரையும்தான் அதில் இருக்கிறது.

ஆப்பில் எண் மாறுவதற்குக் காரணம் தண்ணீர். தண்ணீர் விடாமல் பிழிந்த கெட்டிப் பாலுக்கு 100 கிராமுக்கு 330 கலோரி போல வரும், டப்பாவில் விற்கிற நீர்த்த பானத்துக்கு 20, 30 தான் இருக்கும். உங்கள் வீட்டுப் பால் ரெண்டும் இல்லை. அதனால் மில்லியை விடுங்கள், உள்ளே போன தேங்காயை எண்ணுங்கள். நடுத்தரமான ஒரு தேங்காயைத் துருவினால் 200 கிராம் போல வரும். அதில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, அதாவது 65 கிராம் அளவு. மிக்சியில் அடித்து ரெண்டு மூணு தடவை பிழிந்தால் 40 கிராம் பாலோடு வந்துவிடும் என்று வைத்துக்கொள்ளலாம், மிச்சம் சக்கையிலேயே நிற்கும். கொழுப்புக்கு கிராமுக்கு 9 கலோரி, மற்றதையும் சேர்த்தால் மொத்தப் பாலும் சுமார் 400. தண்ணீர் எவ்வளவு விட்டாலும் இந்த 400 மாறாது. அரை கப் சர்க்கரை 100 கிராம், அது இன்னொரு 400. ஆகப் பாத்திரத்தில் இருப்பது 800 கலோரி.

பால் ஏறக்குறைய 650 மில்லி இருக்கும் என்று கொள்வோம். உங்கள் குழிக்கரண்டியில் எவ்வளவு பிடிக்கும் என்று ஒரு தடவை தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள், 50 மில்லி என்றால் ஆளுக்கு ரெண்டு கரண்டி ஊற்றியதும் 150 மில்லி மீதி. மாமாவின் டம்ளர் அதுதான். அதில் 23 கிராம் சர்க்கரை, 185 கலோரி.

இடியாப்பத்துக்கு வருவோம். அச்சு, தட்டு, பிழிகிற கை எல்லாம் வீட்டுக்கு வீடு மாறும், அதனால் வெந்ததை எடை போடாமல் மாவை எடை போடுங்கள். 300 கிராம் மாவில் 15 வந்தால் ஒன்றுக்கு 20 கிராம் மாவு, 72 கலோரி, 16 கிராம் மாவுச்சத்து. (ஆப்பமானாலும் இதே வழிதான், மாவில் போன அரிசியை எடுத்து ஆப்பத்தின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள்.)

புரிகிறதா? 16 கிராம் மாவுச்சத்துள்ள நாலாவது இடியாப்பத்தை மறுத்துவிட்டு, 23 கிராம் சர்க்கரையை டம்ளரில் கொடுத்து அனுப்புகிறீர்கள். மூணு இடியாப்பத்தில் 48 கிராம் மாவுச்சத்து. அவர் வயிற்றுக்குள் போகிற பால் தட்டிலும் டம்ளரிலுமாக 250 மில்லி, அதில் சர்க்கரை மட்டும் 38 கிராம். கலோரியில் பார்த்தால் அந்தப் பாலே நாலு இடியாப்பத்துக்கு மேல்.

இன்னொன்றும் உண்டு, நீங்களே பார்க்கலாம். அடுத்த தடவை எல்லோருக்கும் ஊற்றியபிறகு பாத்திரத்தின் அடியை ஒரு கரண்டியால் தடவிப் பாருங்கள், கரையாத சர்க்கரை நறநறவென்று வரும். ஆறின பாலில் சரியாகக் கலக்கவில்லை என்றால் இப்படித்தான் தங்கும். பாத்திரத்தில் கடைசியாக மீந்ததைக் குடிப்பவர் யார்? வீட்டில் சர்க்கரை நோய் உள்ள ஒரே ஆள். 23 என்று நான் போட்டது குறைவாகக்கூட இருக்கலாம். கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால், ராத்திரி சாப்பிட்ட கையோடு பார்த்தால் சர்க்கரை பெரிதாக ஏறாதது போலத் தெரிந்து பிறகு ஏறவும் வாய்ப்பு உண்டு. உங்கள் திங்கள் காலைக் கணக்கில் அதற்கும் பங்கு இருக்கலாம்.

இப்போது கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். அந்த மனிதர் பசியோடு எழுந்து போகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பேரப்பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிற பந்தியில், வீட்டுக்குப் பெரியவரிடம் வாய்விட்டு 'மூணு ஆச்சு மாமா' என்றால் அவர் வேறு என்ன செய்வார், மறுபடி கேட்பாரா? கேட்க மாட்டார், டம்ளரை நீட்டுவார். பெரியவர் தட்டைப் பார்த்து எண்ணுவது எனக்குச் சரியாகப் படவில்லை, எத்தனை நல்லெண்ணம் இருந்தாலும். கணக்கெல்லாம் அடுப்படியில் முடிந்துவிட வேண்டும், பந்திக்கு வரக்கூடாது. உங்கள் கடிதத்தில் அத்தையும் இல்லை, கணவரும் இல்லை. அப்பாவின் சாப்பாட்டுக்குப் பொறுப்பு மருமகளுக்கு மட்டும்தானா? தேங்காய் துருவுகிற நேரத்தில் மகன் மாவை எடை போட்டால் என்ன? சொல்லுங்கள் அவரிடம்.

சரி, செய்யவேண்டியது. பாத்திரத்தில் சர்க்கரை கரைப்பதை இந்த வாரமே நிறுத்துங்கள். பாலை வெறுமனே வைத்து, சர்க்கரையைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், பிள்ளைகளுக்கு வேண்டியதை அவர்கள் போட்டுக்கொள்ளட்டும். மாமாவுக்கு ரெண்டு கரண்டி பால், தலைதட்டின ஒரு டீஸ்பூன் சர்க்கரை, அது 5 கிராம். குவித்துப் போட்டால் 7, 8 ஆகிவிடும், அதனால் தட்டிவிட்டே போடுங்கள். பாலைத் தண்ணியாக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள், தண்ணியான பாலுக்கு இனிப்பு போதவில்லை என்று கை மறுபடி கிண்ணத்துக்குப் போகும். பசி அடங்க அவித்த முட்டையோ, கறுப்புக் கொண்டைக்கடலைக் கறியோ பக்கத்தில் வையுங்கள். கடலையில் மாவுச்சத்து உண்டு, ஒரு சின்னக் கிண்ணத்தோடு நிறுத்துங்கள். சொதி வைத்தால் அதிலும் தேங்காய்ப்பால்தான், அன்றைக்கு இனிப்புப் பால் வேண்டாம்.

இப்படி வைத்தால், கடலைக் கறியைச் சேர்க்காமல், நாலு இடியாப்பமே சாப்பிட்டாலும் 69 கிராம் மாவுச்சத்து, 370 கலோரி. உங்கள் பழைய மூணும் டம்ளரும் 86 கிராம், 524 கலோரி. 69 என்பதும் சின்ன எண் இல்லை, ஆகையால் முதல் வாய் வைத்ததிலிருந்து ரெண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் பார்த்து, மறுநாள் காலை அளவோடு சேர்த்து எழுதி, நாலு வார்த்தையில் என்ன சாப்பிட்டார் என்றும் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். சாப்பாட்டைக் குறைப்பதாக இருந்தால் மாத்திரை அளவையும் அவர்தான் பார்க்க வேண்டும், சில மாத்திரைகளில் சாப்பாடு குறைந்தால் சர்க்கரை இறங்கிவிடும். நீங்களாக ரெண்டாக்காதீர்கள் என்று சொன்னது அதனால்தான்.

இந்த ஞாயிறு மூணு வைத்தபிறகு மாமா நிமிர்ந்து பார்த்தால், அவர் வாய் திறக்கும் முன் நாலாவதை நீங்களே எடுத்து வையுங்கள். மீந்த பால் மறுநாள் குழம்புக்கு ஆகும், ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.