போதை தெளிந்த பிறகு பனடோல்

"டாக்டர், என் வீட்டுக்காரர் தோட்டத்தில் வேலை செய்கிறார். தினமும் சாயங்காலம் சம்சு உண்டு, சனி ஞாயிறு என்றால் ரொம்ப அதிகம், சோறு இறங்காது. குடிக்கும்போது பனடோல் போடமாட்டார். திங்கட்கிழமை போதை தெளிந்த பிறகுதான் தலைவலிக்குப் போடுவார். அதனால் ஈரலுக்கு ஒன்றும் ஆகாதுதானே?" – வாசகி, சுங்கை சிப்புட்

போதை தெளிந்த அந்தத் திங்கட்கிழமைதான் அம்மா ஆபத்தான நாள்.

பனடோலில் இருப்பது பாரசிட்டமால். அதில் பெரும்பகுதியை ஈரல் சிக்கலில்லாமல் சிறுநீரில் அனுப்பிவிடும். ஒரு சிறு பங்கை மட்டும் ஒரு நொதி நச்சாக மாற்றுகிறது. குளுட்டதயோன் என்ற பொருள் அந்த நச்சை உடனே அடக்கிவிடுவதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

தினமும் குடிப்பவரின் ஈரலில் அதே நொதி கூடுதலாக ஊறியிருக்கும், ஏனென்றால் சாராயத்தை உடைப்பதிலும் அதற்குப் பங்குண்டு. ரத்தத்தில் சாராயம் இருக்கும்வரை நொதி அதோடு மல்லுக்கட்டும். பாரசிட்டமால் பக்கம் அதிகம் திரும்பாது. சாராயம் வடிந்ததும் அத்தனை நொதியும் சும்மா நிற்கிறது. அப்போது மாத்திரை போட்டால் நச்சு வழக்கத்தைவிட அதிகமாக உண்டாகும். இரண்டு நாள் சாப்பிடாதவருக்கு அதை அடக்கும் குளுட்டதயோனும் குறைந்திருக்கும். குடி நின்று சில நாள் வரை இந்த நிலை நீடிக்கலாம்.

எப்போதாவது குடிப்பவர் மறுநாள் ஒரு வேளை மாத்திரை போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தில் எண்ணிக்கைதான் முக்கியம். காலை ஆறு மணிக்கு 2, பத்துக்கு 2, மதியம் 2, இரவு 2 என்றாலே 500 மில்லிகிராம் மாத்திரையில் 4 கிராம். நல்ல ஈரலுக்கே ஒரு நாளின் உச்சவரம்பு அது. கூடவே சளி மாத்திரை இரண்டு போட்டால், பலவற்றில் பாரசிட்டமால் 500 இருப்பதால், 5 கிராம் ஆகிவிடும். அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

அவருக்கு ஒரு தடவைக்கு 1 மாத்திரை, ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு 4 மாத்திரைக்கு மேல் வேண்டாம், அதுவும் கஞ்சியாவது குடித்த பிறகு. வாந்தி நிற்கவில்லை, சாப்பிடவே முடியவில்லை, அல்லது ஏற்கெனவே ஈரல் நோய் இருக்கிறது என்றால் கிளினிக்கில் கேட்காமல் ஒன்றுகூடப் போடவேண்டாம். பதிலுக்கு ஐபுபுரோஃபென் வாங்கிக் கொடுக்காதீர்கள். குடித்துப் புண்ணான வயிற்றில் அது ரத்தக் கசிவை உண்டாக்கும்.

மாத்திரை அளவு மீறி ஈரல் கெட்டால், முதல் நாள் குமட்டல், வாந்தி, அசதி மட்டும்தான் இருக்கும். குடித்ததால் வந்தது என்றே நினைப்பீர்கள். வலது விலாவுக்குக் கீழே வலி மறுநாளோ அதற்கடுத்த நாளோ வரும். கண் மஞ்சளாவதும் பேச்சு குழறுவதும் அதற்கும் பிறகு. மாத்திரை அளவு மீறியது தெரிந்தால் மஞ்சளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அசெட்டில்சிஸ்டீன் என்ற நச்சுமுறி மருந்தை, பனடோல் போட்ட 8 மணி நேரத்துக்குள் ஏற்றினால்தான் நன்றாக வேலை செய்யும், தாமதமானாலும் கொடுப்பார்கள். காலியான மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்பதைத்தான் டாக்டர் முதலில் கேட்பார்.