பிரஷர் உள்ளவர் திடீரென மயங்கி விழுந்தால்

கேள்வி: அப்பாவுக்கு பிரஷர் இருக்கிறது. திடீரென்று கடுமையாகத் தலைவலித்து விழுந்துவிட்டால், உடனே பிரஷர் மாத்திரை கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். இது பக்கவாதமாக இருக்கலாம். அதாவது மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது, அல்லது வெடித்துக் கசிவது. அந்த நேரத்தில் மூளை அதிக அழுத்தத்தால்தான் ரத்தம் பெற்றுக்கொண்டிருக்கலாம். மோட்டாரின் வேகத்தைக் குறைத்தால் மேல்மாடிக் குழாயில் தண்ணீர் நின்றுவிடும் இல்லையா, அதுபோலத்தான். மாத்திரையை நாக்கின் அடியில் வைப்பதும் ஆபத்து. அழுத்தம் சட்டென்று சரிந்துவிடும். விழுங்கும் திறன் போயிருந்தால் தண்ணீர்கூட நுரையீரலுக்குள் போகும்.

முதலில் 108-ஐ அழையுங்கள். சாப்பிடும்போது தலையைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார், வாய் ஒரு பக்கம் கோணுகிறது என்றால், கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நினைவில்லாமல் மூச்சு சீராக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லை, அல்லது விட்டுவிட்டுத் திணறுகிறது என்றால், நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள்.

அப்புறம், மாரடைப்புக்குத் தரும் ஆஸ்பிரின் இதற்கும் உதவும் என்று பலர் நம்புகிறார்கள். ஸ்கேன் எடுக்கும்முன் கொடுத்தால், கசிவாக இருக்கும்பட்சத்தில் ரத்தப்போக்கு கூடிவிடும்.