திகதி போடாத கடிதம் யார் கையில்?

கேள்வி: கனடாவில் இருக்கும் என் தாய்மாமா 2022இல் நல்லூரடியில் ஒரு கம்பனியின் பெயரில் காணி வாங்கி விருந்தினர் விடுதி தொடங்கினார். அவர் இப்போது கனடா பிரஜை. கம்பனியின் ஒரே பணிப்பாளர், கலியாணமாகிப் பிள்ளைகளும் உள்ள நான். 100 பங்கில் 51 என் பெயரில், 49 அவர் பெயரில். காசு முழுக்க அவருடையது. எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். சம்பளம், கணக்கு எல்லாம் மாமாவின் சிநேகிதர் பார்க்கிறார். போன வருடம் வங்கியில் 2 கோடி ரூபாய் கடன் எடுத்தபோதும் நான்தான் கையெழுத்து வைத்தேன். இப்போது வங்கி, "உண்மையான உரிமையாளர் யார்" என்று ஒரு படிவம் தந்திருக்கிறது. மாமா என் பெயரையே எழுதச் சொல்கிறார். எழுதலாமா? பெரிய பிரச்சினை வராது என்றுதான் நினைக்கிறேன். திகதி போடாத ராஜினாமாக் கடிதமும் நிரப்பாத பங்கு மாற்றப் படிவமும் முதலே கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டேன், வேண்டிய நேரம் விலகலாம். அம்மா, தன் தம்பியின் மனம் நோகக்கூடாது என்கிறா.
— வாசகி, கொக்குவில்

பதில்: பிள்ளை, வங்கிப் படிவத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அந்த ராஜினாமாக் கடிதம் இப்போது யாரிடம் இருக்கிறது?

உங்களிடம் இல்லை. மாமாவிடமோ அவருடைய சிநேகிதரிடமோ இருக்கிறது. அப்படியென்றால் "வேண்டிய நேரம்" என்பது யாருக்கு வேண்டிய நேரம்? விடுதி நல்லாய் ஓடி, நீங்கள் ஒரு நாள் கணக்குக் கேட்டால், அன்றைக்கு அதில் திகதி விழும். வங்கியோ தொழில் திணைக்களமோ கதவைத் தட்டும் நாளில் அது லாச்சியை விட்டு வெளியே வராது. உங்களைக் காப்பாற்ற எழுதின கடிதம் என்று நம்பி இரண்டு மூன்று வருடம் நிம்மதியாய்ப் படுத்திருக்கிறீர்கள். படித்த பிள்ளை இப்படி நம்பியதுதான் எனக்குக் கோபம்.

இன்னொன்றையும் கேளுங்கள். நீங்கள் ஒரே பணிப்பாளர். எங்கள் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில், ஒரேயொரு பணிப்பாளர் உள்ள கம்பனியில் அந்தப் பணிப்பாளர் சும்மா கடிதம் கொடுத்து விலக முடியாது. பங்குதாரர் கூட்டத்தைக் கூட்டி அதில்தான் ராஜினாமாவைக் கையளிக்க வேண்டும். கூட்டம் நடக்கும்வரை அது நடைமுறைக்கு வராது. ஆகவே மாமாவின் லாச்சியில் இருக்கும் தாள் உங்களை விடுவிக்கவே மாட்டாது. அதனால் ஒரேயொரு பயன்தான் உண்டு: இந்தக் கம்பனியை உண்மையில் ஆட்டுவிப்பது யார் என்பதற்கு அது சாட்சி. கம்பனியை உண்மையில் தானே நடத்தும் பணிப்பாளர் எவரும் திகதியில்லாத ராஜினாமாவை இன்னொருவரிடம் கொடுத்து வைப்பதில்லை. பெயருக்கு நிறுத்தின பணிப்பாளரை இனங்காண விசாரணையாளர்கள் முதலில் தேடுவது இந்த மாதிரித் தாள்களைத்தான். திகதியில்லாத ராஜினாமா, நிரப்பாத பங்கு மாற்றம், எல்லா அதிகாரத்தையும் வேறொருவருக்குக் கொடுக்கும் அற்றோணித் தத்துவம், இவை மூன்றும் ஒன்றாகவே பயணம் செய்யும். உங்கள் கேள்வியில் சொல்லாத நாலாவது தாளும் ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன்: "51 பங்கையும் மாமாவுக்காகவே வைத்திருக்கிறேன்" என்ற பிரகடனம். சட்டத்தரணியின் கந்தோரில் ஒரே நாளில் பல தாளில் கையெழுத்து வைத்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

இனி ஏன் 51? ஏன் 50 இல்லை, 10 இல்லை? மாமா உங்களில் வைத்த பாசத்தின் அளவு என்று நினைக்காதீர்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி (பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள்) சட்டம், வெளிநாட்டவருக்குக் காணியின் உரித்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 50 வீதமோ அதற்கு மேலோ வெளிநாட்டுப் பங்குள்ள கம்பனிக்கும் அதே தடை. மாமா கனடா பிரஜை. அவருடைய 49 அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கிறது. உங்கள் 51தான் கம்பனிக்கு உள்ளூர் முகம். காணி உறுதியை முடித்த நொத்தாரிசு கம்பனியின் பங்குப் பதிவேட்டைப் பார்த்திருப்பார். பதிவேட்டில் இருக்கும் பெயர் யாருக்காக அங்கே இருக்கிறது என்பதைப் பதிவேடு சொல்லாது. ஒருவருக்காக இன்னொருவர் தன் பெயரில் வைத்திருக்கும் நம்பிக்கைப் பொறுப்புகளை அதில் பதிவதில்லை. இந்த ஏற்பாடு முழுவதும் மறைந்து நிற்பது அந்த இடைவெளியில்தான். கொழும்பில் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் யார் தேடிப் பார்த்தாலும் கொக்குவில் பெண் ஒருத்தி ஒரு விடுதியின் பெரும்பான்மைப் பங்குதாரர் என்றுதான் தெரியும். கனடாவில் ஒருவர் இருப்பதாவது அந்த 49இல் தெரியும், அவர்தான் முதலாளி என்பது தெரியாது.

மாமாவுக்கும் இதில் பாதுகாப்பில்லை. சட்டத்தின் ஏற்பாட்டைத் தோற்கடிக்கும் நோக்கத்தோடு செய்த நம்பிக்கைப் பொறுப்பு எங்கள் நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டத்தின்படி செல்லாது. நாளைக்கு நீங்கள் "பங்கு என்னுடையது" என்று நின்றால், அவர் நீதிமன்றத்துக்குப் போய் அந்தப் பிரகடனத்தைக் காட்டுவது தன் கழுத்துக்குத் தானே கத்தி வைப்பது. அதனால்தான் அவருக்கு நிரப்பாத பங்கு மாற்றப் படிவம் தேவைப்பட்டது. ஆனால் அதையும் தன் பெயரில் நிரப்ப முடியாது. நிரப்பினால் வெளிநாட்டுப் பங்கு 50ஐத் தாண்டும், காணி உறுதியே ஆட்டம் காணும். இன்னொரு உள்ளூர்ப் பெயரைத்தான் போட வேண்டும். இதற்கிடையில் உங்களுக்கு ஒன்று நடந்துவிட்டால், கடவுளே, அந்த 51 பங்கும் உங்கள் மரண சாதனச் சொத்து. உங்கள் கணவரும் பிள்ளைகளும் உரிமையாளர்கள். கலியாணத்துக்குப் பிறகு வாங்கினது என்பதால் தேடிய தேட்டம் என்ற கதையும் எழும்பும். சகோதரிக்கும் தம்பிக்கும் இடையில் வழக்கை உருவாக்க வேறென்ன வேண்டும்?

இப்போது உங்களுக்கு வரக்கூடிய சுமையைப் பார்ப்போம். கடனை விட்டுவிடுங்கள், சம்பளத்தை எடுங்கள். ஒரு ஊழியருக்கு மாதம் 50,000 ரூபாய் என்று வைத்தால், ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய சம்பளத்தில் 8 வீதம் கழித்து, கம்பனி 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். மொத்தம் 10,000. எட்டுப் பேருக்கு மாதம் 80,000. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3 வீதம் வேறு. மாமாவின் சிநேகிதர் ஆளுக்கு 4,000ஐக் கழித்துக்கொண்டு மொத்தத்தையும் கட்டாமல் விட்டால் ஒரு வருடத்தில் பத்து லட்சத்துக்கு நெருங்கும், மிகைக்கட்டணம் தனி. வழக்கு என்று வந்தால் நீதவான் நீதிமன்றத்துக்கு அழைக்கப்படுவது பணிப்பாளர். "எனக்குத் தெரியாது, நான் பெயருக்குத்தான்" என்று சொல்வது விடையாகாது. தெரிந்திருக்க வேண்டியது பணிப்பாளரின் வேலை. கம்பனிகள் சட்டத்தின் 187ஆம் பிரிவு பணிப்பாளர் நல்லெண்ணத்தோடு கம்பனியின் நலனுக்காக நடக்க வேண்டும் என்கிறது. மாமாவின் நலனுக்காக என்று அதில் இல்லை. ஊழியர்களின் கட்டுப்பணத்தை ஒருமுறையாவது கேட்டுப் பார்த்தீர்களா? எட்டுக் குடும்பத்தின் முதுமைக் காசு உங்கள் கையெழுத்தின் கீழ் கிடக்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் பெயரை உண்மையான உரிமையாளர் என்று எழுதக்கூடாது. வங்கி சும்மா கேட்கவில்லை. 2006ஆம் ஆண்டின் நிதியியல் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடல் சட்டத்தின் கீழ் 2016இல் வந்த விதிகள், கம்பனிக்குப் பின்னால் இறுதியில் உரிமையையும் கட்டுப்பாட்டையும் வைத்திருக்கும் மனிதரைக் கண்டறியச் சொல்கின்றன. பதிவேட்டில் 51 என்று இருப்பது மட்டும் போதாது. பங்குக்குப் பணம் எங்கிருந்து வந்தது, கணக்கை யார் இயக்குகிறார், தீர்மானம் யார் எடுக்கிறார் என்பதெல்லாம் பார்ப்பார்கள். நேரடியாகவோ சிநேகிதர் மூலமோ, மூன்றுக்கும் விடை மாமா. படிவத்தில் பொய் எழுதினால் மாமா மறைவில் இருப்பார், பொய் சொன்னது நீங்கள். சந்தேகம் வந்தால் வங்கி மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கும். உங்களுக்குச் சொல்லிவிட்டு அறிவிக்க மாட்டாது. 2025இல் கம்பனிகள் சட்டத்துக்கு வந்த திருத்தம் பயன்பெறும் உரிமையாளர் யார் என்பதைக் கம்பனிகளே பதிவாளருக்குத் தெரிவிக்கும்படி கேட்கிறது. இன்றைக்கு வங்கியில் எழுதுவதை நாளைக்கு அங்கேயும் எழுத வேண்டும்.

தாய்மாமன் எங்கள் குடும்பங்களில் சின்ன ஆள் இல்லை. சாமத்திய வீட்டில் மருமகளுக்கு முன்னால் நிற்பவர், கலியாணத்தில் முன்னுக்கு வருபவர். அந்த உரிமை இருக்கிற ஆளுக்கு மருமகளின் பெயரைப் பழுதாகாமல் பார்க்கும் கடமையும் இருக்கிறது. நூறு வீதமும் தன் காசு என்றால் தன் பெயரைத் தானே போடட்டும். வழி இல்லை என்று சொல்லாதீர்கள். முன்னாள் இலங்கைப் பிரஜை இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அது கிடைத்தவர் இந்தக் காணிச் சட்டத்தில் வெளிநாட்டவர் இல்லை, தன் பெயரிலேயே பங்கும் காணியும் வைத்திருக்கலாம். அது வேண்டாமென்றால் நீண்டகாலக் குத்தகை இருக்கிறது. இரண்டு பாதையும் திறந்திருக்க, உங்களை முன்னால் நிறுத்தியது அவருக்கு வசதி.

அம்மா தம்பியின் மனத்தை மட்டும் பார்க்கிறா. மகளின் மனத்தையும் பேரப்பிள்ளைகளின் வீட்டையும் யார் பார்ப்பது? நீங்களே சொல்லக் கூச்சமென்றால் இந்தப் பக்கத்தை அவவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

மாமாவின் சட்டத்தரணியிடம் போகாதீர்கள், உங்களுக்கென்று ஒருவரைப் பிடியுங்கள். முதல் வேலை, லாச்சியில் இருக்கும் அந்தத் தாள்களை மூலப் பிரதியோடு திருப்பிக் கேட்டு எழுத்தில் ஒரு கடிதம். கொடுக்காவிட்டால் அவை இனிச் செல்லாது என்று உங்கள் கையெழுத்தை மீளப் பெறும் அறிவித்தல். அடுத்தது வங்கிப் படிவத்தில் உண்மை. பிறகு பங்குதாரர் கூட்டத்துக்கு அழைப்பு விட்டு, சரியான திகதியோடு ராஜினாமாவைக் கையளியுங்கள். புதுப் பணிப்பாளர் மாமாவாகவே இருக்கட்டும். மாற்றத்தைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் படிவம் 20ஐக் கம்பனிச் செயலாளர் 20 வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டும். அவர் அனுப்பினார் என்ற வாய்ப்பேச்சை நம்பாமல், பதிவில் உங்கள் பெயர் நீங்கியதா என்று நீங்களே பார்த்து ஒரு பிரதி எடுங்கள்.

அந்த 2 கோடிக் கடனுக்கு நீங்கள் வைத்தது பணிப்பாளர் கையெழுத்து மட்டுமா, தனிப்பட்ட பிணையுமா என்று கடன் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பிணையும் இருக்கும். பதவி விலகியதால் பிணை விலகாது. கடன் தவறினால் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் உங்கள் பெயர் பிணையாளராகத் தெரியும், பிறகு உங்கள் வீட்டுக் கடனுக்கும் அது குறுக்கே நிற்கும். மாமாவையோ அவருடைய சொத்தையோ பதில் பிணையாக வைத்து, உங்களை விடுவித்ததாக வங்கி எழுத்தில் தரும்வரை கூட்டத்துக்கான திகதியைத் தள்ளிப் போடுங்கள். பணிப்பாளர் நாற்காலியில் இருக்கும்வரைதான் உங்கள் சொல்லுக்கு மாமா செவி சாய்ப்பார்.