‘மூன்று சதவீதம்’ மறைத்தது என்ன? பண்ணை நோய் அறிக்கை: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் பண்ணையில் கோழிகள் செத்துக்கொண்டே இருக்கின்றன. என்ன மருந்து கொடுக்கலாம்?

எத்தனை நாள் கோழி, எந்தக் கொட்டகை, முதல் சாவு என்றைக்கு? ஒன்றுமே கடிதத்தில் இல்லை. இவை தெரியாமல் மருந்து சொல்ல முடியாது. அதுவரை, ஒரே ஆள் எல்லாக் கொட்டகைக்கும் போய்வருவதை நிறுத்துங்கள்.

கேள்வி: செத்த கோழியை ஃப்ரீசரில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாமா?

கூடாது. உறைந்தால் திசு சிதைந்துவிடும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே அனுப்புங்கள்.

கேள்வி: எங்கள் கம்போரோ நோய் அறிக்கையை இணைத்துள்ளேன். 10,000 கோழியில் 300 சாவு, 3 சதவீதம். ஐந்தாம் நாள் மாலை ஆன்டிபயாட்டிக் கொடுத்ததும் கட்டுப்பட்டது. அறிக்கை சரிதானே?

சரியில்லை. இதே தவறைப் பல வருடமாகப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

உங்கள் இணைப்பிலேயே இருக்கிறது: 300 சாவும் இரண்டாம் கொட்டகையில். அங்கே இருந்தவை 3,000. அப்படியானால் 10 சதவீதம். நோய் எட்டிப்பார்க்காத கொட்டகைகளையும் சேர்த்து வகுத்தால் நோயின் வேகமே தெரியாது. கொட்டகைவாரியாக எழுதுங்கள்.

அடுத்து, நாள்வாரிக் கணக்கு. முதல் இரண்டு நாளில் 20, மூன்றாம் நாள் 70, நான்காம் நாள் 110, ஐந்தாம் நாள் 65, பிறகு இரண்டு நாளில் 35. சரசரவென ஏறி, ஒரு வாரத்துக்குள் இறங்குவது கம்போரோவின் வழக்கம். மருந்து தண்ணீரில் கலக்கும் முன்பே சாவு குறையத் தொடங்கிவிட்டது. கம்போரோ வைரஸ் நோய். வைரஸை ஆன்டிபயாட்டிக் கொல்லாது. ஒவ்வொரு நடவடிக்கைக்கும் தேதியும் நேரமும் போட்டிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது.

கழிவாய்க்கு மேல் உள்ள உறுப்பான பர்சா “சிறுத்திருந்தது” என்றும் எழுதியிருக்கிறீர்கள். நோயின் எத்தனையாவது நாளில் அறுத்துப் பார்த்தது? ஆரம்பத்தில் பர்சா வீங்கி, மஞ்சள் ஜெல்லி போர்த்தியது போல இருக்கும். ஒரு வாரம் கழித்துத்தான் சுருங்கும். நாள் இல்லாத போஸ்ட்மார்ட்டம் குறிப்பால் பயனில்லை. சோர்ந்து ஒடுங்கிய, வெள்ளையாகக் கழிந்த கோழிகளின் எண்ணிக்கையும் இல்லை. சாவை மட்டும் எண்ணினால் எத்தனை நோயுற்றன, எத்தனை பிழைத்தன என்று யாரால் சொல்ல முடியும்?

இதைவிட முக்கியமானது வயது. இரண்டாம் கொட்டகைக்கு 26 நாள், முதலாவதற்கு 45, மூன்றாவதற்கு 10. கம்போரோ பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு வாரக் கோழிகளைத்தான் தாக்கும். மூன்றாம் கொட்டகை தப்பிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது தப்பவில்லை, தாய்வழி எதிர்ப்புச் சக்தி இன்னும் கரையாமல் இருந்திருக்கும். இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் அதற்கும் ஆபத்தான வயது வந்துவிடும். உடனே ரத்த மாதிரி எடுத்து, எதிர்ப்புச் சக்தியின் அளவைப் பார்த்து, தடுப்பூசி நாளை உங்கள் கால்நடை மருத்துவரோடு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: கிருமிநாசினி அடித்துவிட்டோம். புதுக் குஞ்சு விடலாமா?

கூளத்தை அள்ளினீர்களா? எச்சத்தின் மேல் அடித்த மருந்து வீண். முதலில் அள்ளி, கழுவி, காயவிட்டு, அப்புறம்தான் அடிக்க வேண்டும். கம்போரோ வைரஸ் கொட்டகையில் மாதக்கணக்கில் கிடக்கும். கூளத்தில் ஓடும் கருவண்டும் அதைச் சுமக்கும், அதனால் சுவர் இடுக்குகளையும் பாருங்கள்.