முந்தைய நாள் உச்சத்துக்கு மேல் வாங்கியதும் ஸ்டாப் லாஸ் அடிபடுவது ஏன்?

கேள்வி: ஐயா, மூன்று லட்சம் ரூபாய் மூலதனத்தில் டெலிவரி எடுத்து, சில நாட்கள் வைத்திருந்து விற்கும் வழக்கம் உள்ளவன் நான். இன்சைட் பார், என்ஆர்7 ஆகியவை ஒரே நாளில் அமையும் பங்குகளைத் தேர்ந்தெடுத்து, மறுநாள், முந்தைய நாள் உச்சத்துக்கு 5 பைசா மேலே வாங்குகிறேன். அதே நாளின் தாழ்வுக்கு 5 பைசா கீழே ஸ்டாப் லாஸ் வைக்கிறேன். ஒரு வர்த்தகத்தில் மூலதனத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் இழக்கக் கூடாது என்ற கணக்கையும் கடைப்பிடிக்கிறேன். ஆனால் பல முறை ஸ்டாப் லாஸ் அடித்த பிறகுதான் பங்கு ஏறுகிறது. எங்கே தவறு?

பதில்: நீங்கள் பங்கைத் தேர்ந்தெடுக்கும் முறையில் பெரிய குறை இல்லை. வாங்கும் விலையும் ஸ்டாப் லாஸும் ஒரே குறுகிய கேண்டிலின் இரு முனைகளில் அமைவதுதான் சிக்கல். பெயர் குறிப்பிடாத ஒரு பங்கின் விலைகளை உதாரணமாக வைத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

ஆறு வர்த்தக நாட்களில் அந்தப் பங்கின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையிலான வீச்சு முறையே 18, 16, 20, 14, 11, 15 ரூபாய் என்று கொள்வோம். ஆறாம் நாளின் உச்சம் 634, தாழ்வு 619. ஏழாம் நாள் உச்சம் 631, தாழ்வு 623 என்று முடிகிறது. வீச்சு 8 ரூபாய்தான்; ஏழு நாட்களில் மிகக் குறைந்த வீச்சு என்பதால் இது என்ஆர்7. அந்த நாளின் உச்சம், தாழ்வு இரண்டும் ஆறாம் நாளின் எல்லைக்குள் அடங்கிவிட்டதால் இது இன்சைட் பாரும் ஆகிறது. ஆறாம் நாள் கேண்டிலைத் தாய் கேண்டில் என்று சொல்வது வழக்கம்.

இந்த அமைப்பு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அடங்கிக் கிடக்கும் வீச்சு விரைவில் வழக்கமான அளவுக்குத் திரும்பக்கூடும். எந்தத் திசையில் என்பதை அது சொல்வதில்லை. உங்கள் கேள்விக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. முந்தைய ஆறு நாட்களின் சராசரி வீச்சு 15 ரூபாய் 67 பைசா. உங்கள் முறைப்படி 631.05-ல் வாங்கி 622.95-ல் ஸ்டாப் லாஸ் வைத்தால் இடைவெளி 8 ரூபாய் 10 பைசா, அதாவது இந்தப் பங்கு சாதாரணமாக ஒரு நாளில் அசையும் தூரத்தில் ஏறக்குறைய பாதி. வீச்சு விரியும் என்று எதிர்பார்த்து வாங்குகிற நீங்களே, அது விரியாது என்று கருதுபவர் வைக்கும் அளவில் ஸ்டாப் லாஸ் வைத்திருக்கிறீர்கள்.

எட்டாம் நாளைப் பாருங்கள். பங்கு 626-ல் தொடங்கி, முதல் அரை மணி நேரத்தில் 632.80 வரை போகிறது. உங்கள் ஆர்டர் 631.05-ல் நிறைவேறுகிறது. பிறகு 621.50 வரை இறங்கி உங்களை வெளியேற்றிவிட்டு, 630-ல் முடிகிறது. அன்றைய மொத்த வீச்சு 11 ரூபாய் 30 பைசா; அது சராசரியைக்கூட எட்டவில்லை. திட்டமிட்டு உங்கள் ஸ்டாப் லாஸை யாரோ வேட்டையாடியதாகத் தோன்றும். ஆனால் இந்தப் பங்குக்கு அது ஒரு சாதாரண நாளின் ஏற்ற இறக்கம்தான்.

ஆகவே எந்த உச்சத்துக்கு மேல் வாங்குவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். இன்சைட் பாரின் உச்சமான 631-க்கு மேலே போனாலும், தாய் கேண்டிலின் 634 இன்னும் தாண்டப்படவில்லை. ஆறாம் நாள் விற்பனை வந்து விலையைத் திருப்பிய இடம் அதுதான். அதைத் தாண்டாத ஏற்றத்தை நான் பிரேக் அவுட் என்று எடுத்துக்கொள்வதில்லை. 634-க்கு மேல் சிறிது இடம் விட்டு 634.60-ல் வாங்குவது என் விருப்பம். 5 பைசா என்பது இந்த விலை நிலையில் உள்ள பங்குக்குத் தேசியப் பங்குச் சந்தையில் ஒரே ஒரு டிக். அந்த ஓர் அசைவில் வாங்குபவரின் பலம் எதுவும் தெரியாது. இதற்கான விலை, உங்களைவிட மூன்றரை ரூபாய் அதிகம் கொடுத்து வாங்குவது. நேராக ஏறிவிடும் பங்குகளில் அந்த மூன்றரை ரூபாய் லாபம் குறையும் என்பதை ஒப்புக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். தாய் கேண்டிலே சராசரியைப் போல இரு மடங்கு நீளமாக இருந்தால் இந்த முறை சரிவராது. வாங்கும் விலை ஸ்டாப் லாஸை விட்டு மிகவும் விலகிப்போகும் என்பதால் அப்படிப்பட்ட பங்கை நான் விட்டுவிடுவேன்.

ஸ்டாப் லாஸைப் பொறுத்தவரை, ஏழாம் நாள் மாலை நிலவரப்படி அது இன்சைட் பாரின் தாழ்வான 623-க்குச் சற்றுக் கீழே, 622.40-ல் இருக்கலாம். அப்போது இடைவெளி 12 ரூபாய் 20 பைசா. எட்டாம் நாள் 634 தாண்டப்படாததால் ஆர்டர் நிறைவேறாமல் நிற்கிறது. 619-ம் உடையாததால் அமைப்பும் குலையவில்லை. ஆனால் 621.50 வரை விலை வந்துபோன பிறகு 622.40-க்குப் பொருள் இல்லை. பலரும் இந்த இடத்தில் பழைய எண்ணையே வைத்திருந்துவிடுகிறார்கள். ஒன்பதாம் நாளுக்கு ஸ்டாப் லாஸை 621-க்கு மாற்ற வேண்டும்; இடைவெளி 13 ரூபாய் 60 பைசா ஆகிறது. அன்று பங்கு 631-ல் தொடங்கி, 629.50 வரை இறங்கி, 634.60-ஐக் கடந்து 644-ல் முடிந்தால், உங்களை வெளியேற்றிய அதே பங்கு இந்த முறையில் கையில் இருக்கும். மாறாக 619 முதலில் உடைந்தால், வாங்கும் ஆர்டரை அன்றே ரத்து செய்துவிட வேண்டும்.

இனி, நீங்கள் கவனிக்காமல் விட்ட ஆபத்துக்கு வருகிறேன். ஒரு சதவீதம், அதாவது 3,000 ரூபாய்தான் இழப்பு என்று கணக்கிட்டு, அதை 8 ரூபாய் 10 பைசாவால் வகுத்தால் 370 பங்குகள் வருகின்றன. அவற்றின் மதிப்பு 2,33,000 ரூபாய்க்கு மேல். வீச்சு குறுகக் குறுக ஸ்டாப் லாஸ் நெருங்கி வருகிறது. அது நெருங்க நெருங்க அதே சூத்திரம் உங்களை அதிகப் பங்குகளை வாங்க வைக்கிறது. இப்படியாக உங்கள் மூலதனத்தில் முக்கால்வாசிக்கு மேல் ஒரே பங்கில் ஓர் இரவு கழிக்கிறது. மறுநாள் காலை ஏதோ செய்தியால் அது 605-ல் தொடங்கினால், ஸ்டாப் லாஸ் 622.95-ல் இருந்தும் பயனில்லை. பங்குக்கு 26 ரூபாய் 5 பைசா வீதம் 9,600 ரூபாய்க்கு மேல் இழப்பு. நீங்கள் வகுத்த எல்லையைப் போல மூன்று மடங்கு அது. எனவே ஸ்டாப் லாஸ் கணக்கு எவ்வளவு சொன்னாலும், ஒரு பங்கில் மூலதனத்தின் 30 சதவீதத்துக்கு மேல் போடுவதில்லை என்று இரண்டாவது எல்லை ஒன்றை வையுங்கள். 90,000 ரூபாய்க்கு 634.60 விலையில் 141 பங்குகள் கிடைக்கும். 13 ரூபாய் 60 பைசா இடைவெளியில் இழப்பு 1,918 ரூபாய். 605-ல் தொடங்கும் மோசமான காலையிலும் இழப்பு 4,200 ரூபாயைத் தாண்டாது.

குறுகிய ஸ்டாப் லாஸில் செலவும் பெரிதாகத் தெரியும். டெலிவரியில் வாங்கும்போதும் விற்கும்போதும் பங்குப் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், வாங்கும்போது முத்திரைக் கட்டணம் 0.015 சதவீதம். மறுநாளோ அதற்குப் பிறகோ விற்றால், உங்கள் விலையில் இவை மட்டுமே பங்குக்கு 1 ரூபாய் 35 பைசா. 8 ரூபாய் 10 பைசா இடைவெளியில் ஆறில் ஒரு பங்கு அது. டீமேட் கட்டணம் தனி.

ஆர்டர் போடும் விதத்திலும் ஒரு கண்ணி உண்டு. டிரிக்கர் 634.60, லிமிட் 636 என்று வாங்கும் ஸ்டாப் ஆர்டர் போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். காலையில் பங்கு 641-ல் தொடங்கினால் டிரிக்கர் இயங்கிவிடும். ஆனால் 636-க்கு விற்பவர் இல்லாததால் ஆர்டர் நிறைவேறாமல் வரிசையில் காத்திருக்கும். அதோடு தப்பித்தோம் என்று நினைத்து விட்டுவிட்டால், பிற்பகலில் பிரேக் அவுட் தோற்று விலை சரிந்து 636-க்கு வரும்போது, நீங்கள் வாங்க விரும்பாத நேரத்தில் பங்கு உங்கள் கைக்கு வந்துவிடும். 9.20 மணிக்குள் திரையைப் பார்த்து, லிமிட்டைத் தாண்டித் தொடங்கியிருந்தால் ரத்து செய்துவிடுங்கள். விற்கும் ஸ்டாப் லாஸிலும் லிமிட் விலையை டிரிக்கரை ஒட்டி வைத்தால், விலை அதைத் தாண்டிக் குதிக்கும்போது பங்கு விற்காமல் தங்கிவிடும். சாதாரண ஸ்டாப் லாஸ் ஆர்டர் மாலை 3.30-க்குக் காலாவதியாகிவிடும் என்பதால், மறுநாள் காலையில் மறக்காமல் மீண்டும் போட வேண்டும், அல்லது புரோக்கர் தரும் ஜி.டி.டி. வசதியைப் பயன்படுத்த வேண்டும். ஜி.டி.டி. புரோக்கரின் கணினியில்தான் காத்திருக்கிறது. டிரிக்கர் விலை வந்த பிறகே சந்தைக்குப் போகிறது.

குறுகிய வீச்சு எல்லாமே பொருள் உள்ளவை அல்ல. தீபாவளியையொட்டி நடக்கும் ஒரு மணி நேர முகூர்த்த வர்த்தகம் சார்ட்டில் முழு நாள் கேண்டிலாகவே விழும். அன்று தானியங்கி ஸ்கேனரை ஓட்டினால் என்ஆர்7 பட்டியல் வழக்கத்துக்கு மாறாக நீண்டு நிற்கும், அதை ஒதுக்கிவிடுங்கள். காலாண்டு முடிவுக்கு முந்தைய நாளின் குறுகிய வீச்சும் அப்படித்தான். எல்லோரும் அறிவிப்புக்காகக் கைகட்டிக் காத்திருப்பதால் வந்த அமைதி அது. மறுநாள் விலை எங்கே தொடங்கும் என்பதை எந்த ஸ்டாப் லாஸும் கட்டுப்படுத்தாது. வாங்க விற்க ஆளே இல்லாத சிறு பங்கின் குறுகிய கேண்டிலும் இந்தக் கணக்கில் சேராது. மதியம் இரண்டு மணிக்குத் திரையில் என்ஆர்7 போலத் தெரிவதும் சேராது. கடைசி அரை மணி நேரத்திலேயே அது சாதாரண கேண்டிலாக மாறிவிடலாம்.

வாங்கிய பிறகு எவ்வளவு காலம் பொறுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வீச்சு விரியும் என்பதே வாங்கிய காரணம் என்பதால், வாங்கிய நாளும் மறுநாளும் முடிந்த பிறகும் விலை 634-ஐச் சுற்றியே நகர்ந்துகொண்டிருந்தால், ஸ்டாப் லாஸ் அடிபடாவிட்டாலும் நான் விற்றுவிடுவேன். ஆர்டரே நிறைவேறாமல் மூன்று நாட்கள் கடந்தாலும் அதை ரத்து செய்துவிட்டு, அடுத்த குறுகிய நாள் அமையும்போது புதிய உச்சத்தையும் புதிய தாழ்வையும் வைத்து எண்களை மறுபடி போடுவேன்.