வலது பக்கத்தை மறைத்தும் எதிர்காலம் எப்படிக் கசிகிறது?

*"பழைய சார்ட்டை அச்செடுத்து, வலது பக்கத்தைத் தாளால் மூடி, ஒவ்வொரு கேண்டிலாகத் திறந்து பார்த்துப் பழகுகிறேன். இதுவரை 40 சார்ட்டில் 31 சரி. ஆனால் நிஜமாகப் பணம் போட்ட 20 தடவையில் 8 தான் சரியாக வந்தது. பதற்றம்தான் காரணம் என்கிறார்கள். வேறு ஏதாவது தப்பு செய்கிறேனா?"*

பதற்றத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த 31ஐ நான் நம்பவில்லை. ஏறுமா இறங்குமா என்று 40 தடவை கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே சுமார் 20 சரியாக வரும். அதிர்ஷ்டம் கூடினால் 25, 26 வரலாம். 31 அதிர்ஷ்டத்தில் வரும் எண் அல்ல. அந்த அளவுக்குத் திறமை வந்திருந்தால் நேரலையில் 8க்கு இறங்கியிருக்காது. அப்படியென்றால் நீங்கள் மூடிய தாளுக்குக் கீழிருந்து ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறது. எப்படி என்பதை ஒரு சார்ட்டை வைத்தே காட்டுகிறேன்.

2020 ஜனவரி முதல் ஜூன் வரையிலான நிஃப்டி 50 தினசரி சார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு கேண்டில் என்பது ஒரு நாளின் விலை நகர்வு. ஜனவரி 20 அன்று 12,430 என்ற உச்சம், பிறகு மார்ச்சில் பெரும் சரிவு. மார்ச் 12 அன்று 9,590ல் முடிந்தது. மறுநாள் 13ஆம் தேதி, சந்தை திறந்த சில நிமிடங்களிலேயே 10 சதவீதம் விழுந்து, கீழ் சர்க்கியூட் என்ற சரிவு வரம்பைத் தொட்டு வணிகம் நிறுத்தப்பட்டது. மீண்டும் தொடங்கியதும் 8,555 வரை போனது. அங்கிருந்து திரும்பி, நாள் முடிவில் 9,955. நீண்ட சரிவுக்குப் பிறகு இவ்வளவு கீழே போய்த் திரும்பி மேலே முடிந்த கேண்டில் வந்தால், பாடப்புத்தகம் படித்த யாரும் சரிவின் அடிமட்டம் கிடைத்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். அந்த கேண்டிலோடு நிறுத்தி, வலது பக்கத்தை மூடுங்கள்.

இப்போது மூடாத இடது பக்கத்தை மட்டும் பாருங்கள். கடைசி கேண்டிலின் வால் முனைக்கு, அதாவது அன்றைய தாழ்வுக்கு, கீழே வெள்ளையாக இடம் இருக்கும், படத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த இடம் ஏன் இருக்கிறது? மூடிய பகுதியில் மார்ச் 24ஆம் தேதியின் 7,511 இருக்கிறது. சார்ட் மென்பொருள் அந்தத் தாழ்வையும் சேர்த்துத்தான் உயரத்தை அமைத்தது. "இன்னும் கீழே போகும்" என்று அந்த வெற்றிடம் சொல்லிவிடுகிறது. நீங்கள் அதை வாயால் சொல்லிக்கொள்ள மாட்டீர்கள். ஏதோ உள்ளுணர்வு, இந்தக் கேண்டிலை நம்பக்கூடாது என்று தோன்றுகிறது என்பீர்கள். அச்செடுத்துப் பழகுபவர்களின் மதிப்பெண் உயர இதுதான் முதல் காரணம் என்பது என் அனுபவம். நானே இரண்டு வருடம் இப்படி ஏமாந்திருக்கிறேன்.

சரிசெய்ய ஒரே வழிதான். மறைக்க வேண்டிய பகுதி படத்திலேயே இருக்கக்கூடாது. சார்ட்டை அந்தத் தேதியோடு வெட்டி, அதுவரையுள்ள விலைகளுக்கு மட்டும் உயரம் அமையும்படி அச்செடுக்க வேண்டும். திரையில் செய்தால் டிரேடிங்வியூ என்ற சார்ட் தளத்தில் Replay பொத்தான் இருக்கிறது. அது தேர்ந்தெடுத்த நாளுக்குப் பிந்தைய கேண்டில்களை எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சேர்க்கும். ஆனால் தொடக்க இடத்தை மவுஸால் சார்ட்டின் மீது சொடுக்கித் தேர்ந்தெடுத்தால், அதற்குள் முழுப் படத்தையும் கண் பார்த்துவிடும். அதற்குப் பதிலாகத் தேதியைக் கொடுத்துத் தொடங்குங்கள். அந்தத் தேதியையும் நீங்கள் யோசித்து எடுக்காமல் சீட்டுக் குலுக்கி எடுங்கள். நாமாகத் தேர்ந்தெடுத்தால் ஏதாவது சுவாரசியமாக நடந்த இடத்தில்தான் கை போய் நிற்கும். நேரலையில் பெரும்பாலான நாட்களில் சுவாரசியமாக ஒன்றும் நடப்பதில்லை.

அடுத்த கசிவு, விலையிலிருந்து கணக்கிட்டு சார்ட்டின் மீது வரையும் இண்டிகேட்டர்களில். இச்சிமோக்கு போட்டிருந்தால், அதில் சிக்கோ என்ற கோடு அன்றைய முடிவு விலையை 26 கேண்டில் இடது பக்கமாகத் தள்ளி வரையும். முழுச் சார்ட்டை அச்செடுத்துத் தாளால் மூடினால், தாளின் ஓரத்தில் தெரியும் சிக்கோ கோடு இன்னும் 26 நாள் கழித்து வரப்போகும் விலை. விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு தேர்வு எழுதுவது போலத்தான். ஜிக்ஜாக் கோடும் அப்படியே. திருப்பம் நடந்து, விலை குறிப்பிட்ட அளவு நகர்ந்த பிறகுதான் அது பின்னோக்கிப் போய் உச்சியையும் அடியையும் குறிக்கும். ஐந்து கேண்டிலில் நடுவில் உள்ளதைத் தாழ்வு என்று காட்டும் ஃப்ராக்டல் அம்புக்குறியும் இரண்டு நாள் கழித்துத்தான் அந்த இடத்தில் தோன்றும். பழகும்போது இவற்றை எடுத்துவிட்டு விலையும் வால்யூமும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மூவிங் ஆவரேஜ் இருந்தால் பாதகமில்லை, அது அந்த நாள் வரை வந்த விலைகளை மட்டுமே கணக்கில் எடுக்கும்.

மூன்றாவது, உங்கள் ஞாபகம். இதைத் தாளால் மூட முடியாது. "2020 மார்ச்" என்று கீழே எழுதியிருந்தால் எல்லோருக்கும் கதை தெரியும். இன்னும் விழும் என்றும் தெரியும், பிறகு ஏறியது என்றும் தெரியும். அதனால் நான் செய்வது இது: பங்கின் பெயர், தேதி, விலை மூன்றையும் மறைக்கிறேன். விலை அச்சைச் சதவீதத்துக்கு மாற்றிவிடுகிறேன். 12,430 என்று பார்த்த உடனே எனக்கு எந்த வருடம் என்று தெரிந்துவிடும், ஆனால் "உச்சியிலிருந்து 20 சதவீதம் கீழே" என்பது எத்தனையோ வருடங்களுக்குப் பொருந்தும். என் மகள் சார்ட்டுகளை எடுத்து, பின்பக்கம் எண் மட்டும் போட்டுத் தருவாள். எந்த எண் எந்தப் பங்கு என்ற பட்டியல் அவளிடம் இருக்கும். அவளிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: இன்றைய நிஃப்டி பட்டியலிலிருந்து மட்டும் எடுக்காதே. இன்று அந்தப் பட்டியலில் இருப்பவை பிழைத்து வளர்ந்த நிறுவனங்கள். யெஸ் பேங்க் 2020 மார்ச்சில் நிஃப்டி 50லிருந்து நீக்கப்பட்டது. அப்படி வெளியே போன பங்குகளின் பழைய சார்ட்டும் அவள் தரும் கட்டுக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் "விழுந்தால் வாங்கு" என்ற பழக்கம் எப்போதும் சரியாக வருவதுபோல் தெரியும்.

இவ்வளவும் மறைத்தாயிற்று. அப்புறம் என்ன செய்வது என்பதிலும் ஒரு தப்பு நடக்கிறது. அடுத்த கேண்டிலைத் திறப்பதற்கு முன் பேனாவால் எழுத வேண்டும். மனதில் நினைத்துக்கொள்வது போதாது. மனம் நினைத்ததைத் திறந்த பிறகு மாற்றிக்கொள்ளும், மாற்றியதும் நமக்குத் தெரியாது. நான் எழுதுவது நான்கு: எந்த விலையில் நுழைகிறேன், எந்த விலை வந்தால் என் கணிப்பு தப்பு, எத்தனை நாள் காத்திருப்பேன், எத்தனை சதவீதம் உறுதியாக இருக்கிறேன்.

அந்த மார்ச் 13க்கே போவோம். எதுவும் தெரியாத ஒருவர் நேர்மையாக எழுதினால் இப்படி இருக்கும்: "9,955ல் வாங்குகிறேன். 8,555க்குக் கீழே போனால் தப்பு. பத்து நாள். 65 சதவீதம்." தப்பு என்று ஒப்புக்கொண்டு விற்க வேண்டிய அந்த விலை, அதாவது ஸ்டாப் லாஸ், 1,400 புள்ளி தள்ளி இருக்கிறது, அதாவது 14 சதவீதம். எழுதும்போதே இது கண்ணில் படும். கேண்டில் எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்த அளவு நஷ்டத்தைத் தாங்க வழக்கத்தைவிட மிகக் குறைவாகத்தான் வாங்க முடியும் என்று அப்போதே புரியும். இனித் திறக்கலாம். அடுத்த வணிக நாளான 16ஆம் தேதி 9,197ல் முடிகிறது. 17ஆம் தேதி 8,967. 18ஆம் தேதி 8,469ல் முடிவு, ஸ்டாப் லாஸ் உடைந்துவிட்டது. மூன்றே நாள். இதைத் தப்பு என்று எழுதிவிட்டு அடுத்த சார்ட்டுக்குப் போக வேண்டும்.

போகும் முன் அதே சார்ட்டில் இன்னும் நான்கு கேண்டில் திறந்து பார்க்கலாம். 23ஆம் தேதி ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 7,610. மறுநாள் 7,511 வரை போய் 7,801ல் முடிவு. நிஜமான அடி இதுதான். ஆனால் அந்த கேண்டிலைத் தனியாகப் பாருங்கள், 13ஆம் தேதி இருந்த கம்பீரம் அதில் இல்லை. அன்றிரவு 8 மணிக்கு நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு என்று பிரதமர் அறிவித்தார். அடுத்த நாள் சந்தை இன்னும் விழும் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள், ஆனால் 8,300ஐத் தாண்டி முடிந்தது. முழுச் சார்ட்டைப் பார்க்கும்போது 24ஆம் தேதி அடி என்பது பளிச்சென்று தெரிகிறதே, ஏன்? வலது பக்கம் ஏறியிருப்பதால் மட்டும்தான். அதை மூடிவிட்டால் பொய்யான அடிதான் உண்மையான அடியைவிட அதிகம் நம்பும்படி இருக்கிறது. இதை ஒருமுறை கையால் திறந்து பார்த்தவருக்கு, ஒரு கேண்டிலை மட்டும் நம்பி 65 சதவீதம் என்று எழுதக் கை கூசும்.

மதிப்பெண் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் லாப இலக்கும் வைத்திருந்து, ஒரே நாளில் விலை அதையும் ஸ்டாப் லாஸையும் தொட்டிருந்தால், தினசரி கேண்டிலை வைத்து எது முதலில் என்று சொல்ல முடியாது. அதை நஷ்டம் என்றே எழுதுங்கள். அதோடு, ஏற்றமான காலங்களில் கண்ணை மூடிக்கொண்டு "ஏறும்" என்று சொன்னாலே பாதிக்கு மேல் சரியாக வரும். அதனால் ஒவ்வொரு சார்ட்டுக்கும் பக்கத்தில் "எதையும் யோசிக்காமல் வாங்கியிருந்தால்" என்று ஒரு கட்டம் வைத்து, அதன் முடிவையும் எழுதுங்கள். 50 சார்ட் முடிந்ததும் இரண்டு கூட்டலையும் ஒப்பிடுங்கள். உங்களுடையது அதைவிட ஏழெட்டுக்கு மேல் கூடுதலாக இல்லாவிட்டால், அதைத் திறமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பதற்றம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது உண்டு, இந்தப் பயிற்சி அதைத் தீர்க்காது. மார்ச் 13 காலையில் வணிகம் நிறுத்தப்பட்டிருந்த அந்த 45 நிமிடத்தில் கையில் பங்கு வைத்திருந்தவர் பட்டதை எந்தத் தாளும் காட்டாது. 16ஆம் தேதி காலை இடைவெளியோடு கீழே திறந்ததுபோல் ஸ்டாப் லாஸைத் தாண்டியே விலை திறந்தால், நீங்கள் எழுதிய விலையில் விற்கவும் முடியாது. ஆனால் உங்கள் கணக்கில் பதற்றத்தின் பங்கு எவ்வளவு என்று இப்போது உங்களுக்கே தெரியாது. பழைய 40 சார்ட்டையும் ஒதுக்கிவையுங்கள், அவை உங்களுக்கு ஞாபகம் வந்துவிட்டன. சரியாக வெட்டிய புதிய 50 சார்ட்டில் மறுபடி செய்யுங்கள். அதில் பாதியை ஒட்டி வந்தால், நேரலையில் வந்த 8க்குப் பதற்றத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அதிலும் 35க்கு மேல் வந்தால் மட்டும், பணம் போடும்போது என்ன மாறுகிறது என்று தேடத் தொடங்குங்கள்.