காய்ந்தது பனையா, ஓலையா?

“‘நன்றாகக் காய்ந்த பழுப்பு நிறப் பெரிய பனையின் ஓலை மிக வேகமாகவும் சத்தமாகவும் முற்றத்தில் விழுந்தது’ என்று யாழ்ப்பாணத்தில் நடக்கும் கதையில் எழுதினேன். மொழிபெயர்ப்பு மாதிரி இருக்காம். ஏன்?”

தமிழில் அடைமொழிகள் பெயருக்கு முன்னால் வருவதால், வாசகர் அத்தனையையும் மனதில் பிடித்துக்கொண்டு பெயருக்காகக் காத்திருக்கிறார். முதலில் கிடைப்பது ‘பனை’. அப்போ காய்ந்தது பனைதான் என்று நினைத்துவிடுவார். அப்புறம் ‘ஓலை’ வந்ததும் திரும்பப் படிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்து முற்றம்தானே, ‘காவோலை’ என்று எழுதுங்கள். காய்ந்ததும் பழுப்பும் பனையும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. வேகத்தையும் சத்தத்தையும் ‘சரேலென்று’ பார்த்துக்கொள்ளும்: ‘முற்றத்தில் காவோலை ஒன்று சரேலென்று விழுந்தது.’

‘பெரிய’ தேவையில்லை, பனையோலையில் சின்னது எங்கே இருக்கிறது? அளவு கதைக்கு வேண்டுமென்றால் விழுந்த பிறகு காட்டுங்கள்: ‘கோழிக்கூடு முழுதும் மூடிப்போனது.’

அதற்காக எல்லா அடைமொழியையும் வெட்ட வேண்டாம். ‘பச்சை ஓலை விழுந்தது’ என்று வந்தால் அந்தப் பச்சையைத் தொடாதீர்கள். காற்றில்லாத நாளில் பச்சை ஓலை தானாக விழாது. மரத்தில் யாரோ நிற்கிறார் என்பதைச் சொல்வதே அந்தச் சொல்தான்.